மூன்று மதிப்பெண்களும் வராத வாடிக்கையாளரும்

1872-இல் சிகாகோவில் ஆரன் மாண்ட்கோமரி வார்ட் ஒரே தாளில் ஒரு விலைப்பட்டியலை அச்சிட்டு, அமெரிக்கக் கிராமப்புற விவசாயிகளுக்குத் தபாலில் அனுப்பினார். வாங்குபவரின் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்காமல் கடை நடத்தும் பெருவணிகம் அங்கே வேர் பிடித்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் ரிச்சர்ட் சியர்ஸ் அதே ஊரில் அவருக்குப் போட்டியாக வளர்ந்தார். பட்டியல் ஒரு தாளிலிருந்து பல நூறு பக்கப் புத்தகமாகப் பருத்தது. 1913-இல் அமெரிக்கத் தபால் துறை பார்சல் சேவையைத் தொடங்கியதும், வாங்கிய பொருள்கள் வீட்டு வாசலுக்கே வந்தன.

இந்த வணிகத்துக்கு வாடகை குறைவு, விற்பனையாளர் சம்பளம் குறைவு. ஆனால் வேறு எந்தக் கடைக்கும் இல்லாத ஒரு செலவு இதற்கு இருந்தது. அது பட்டியலை அச்சிட்டு அனுப்பும் செலவு. வாங்காதவர் வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு புத்தகமும் நட்டம். ஆகவே தபால் வணிகர்களை முதல் நாளிலிருந்தே துரத்திய கேள்வி, யாருக்கு அனுப்புவது, யாருக்கு நிறுத்துவது என்பதுதான். இன்று பெரிய கடைகளின் கணினியில் ஓடும் ஆர்.எஃப்.எம் மதிப்பெண் முறை, அந்தத் தபால் செலவுக் கேள்விக்குக் கிடைத்த பதில். கடைசியாக வாங்கி எவ்வளவு நாளாயிற்று, எத்தனை முறை வாங்கினார், மொத்தம் எவ்வளவு செலவிட்டார் என்ற மூன்று விவரங்களிலிருந்து வாடிக்கையாளர்களை வகை பிரிக்கும் முறை அது.

எந்தச் சூழலில் இந்த முறை பிறந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம். பல கடைகளில் இது செய்யும் பிழைகளுக்கு அந்த மறதியே காரணம் என்பது என் கருத்து.

பழைய வாங்கலே புதிய வாங்கலுக்கு வழிகாட்டும் என்பதைத் தபால் வணிகர்கள் சூத்திரம் எழுதப்படுவதற்கு வெகுகாலம் முன்பே கண்டுகொண்டார்கள். 1905-இல் சியர்ஸ் நிறுவனம் அயோவா மாநிலத்திலுள்ள தன் நல்ல வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் எழுதியது. ஒவ்வொருவரும் 24 பட்டியல்களை அக்கம்பக்கத்தாருக்கும் நண்பர்களுக்கும் கொடுக்க வேண்டும். அவர்கள் ஆர்டர் செய்தால், கொடுத்தவருக்குப் பரிசு. அந்தத் திட்டத்துக்கு முதலில் தேவைப்பட்டது ஒன்றுதான்: நல்ல வாடிக்கையாளர் யார் என்று கடைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு யார், எப்போது, எவ்வளவு வாங்கினார் என்ற பதிவு வேண்டும்.

1960-களில் இந்த அனுபவம் ஒரு முறையாக உருப்பெற்றது. அதற்கு ஜார்ஜ் கல்லினன் என்ற தபால் விற்பனை நிபுணரின் பெயரைச் சொல்வது துறையினர் வழக்கம். பட்டியல் அனுப்பி ஆர்டர்களை எண்ணிப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது இது: அடுத்த பட்டியலுக்கு யார் ஆர்டர் தருவார் என்பதைக் கடைசி வாங்கலின் தேதி மற்ற இரண்டையும்விட நன்றாகச் சொன்னது. எத்தனை முறை என்பது அடுத்து வந்தது. மொத்தத் தொகை மூன்றாவதாக நின்றது. ஆர், எஃப், எம் என்ற வரிசை ஓசைக்காக அமைந்ததல்ல. அனுபவத்தில் கண்ட பலத்தின் வரிசையே அது. போன மாதம் பத்து டாலருக்கு வாங்கியவர், மூன்று ஆண்டுகளுக்கு முன் நூறு டாலருக்கு வாங்கியவரைவிட அடுத்த ஆர்டருக்கு அருகில் இருந்தார்.

1994-இல் ஆர்தர் ஹியூஸ் எழுதிய புத்தகம் இந்த முறையைக் கணினி வைத்திருந்த எல்லாக் கடைகளுக்கும் கொண்டுபோனது. செய்முறை எளிது. எல்லா வாடிக்கையாளரையும் கடைசியாக வாங்கிய தேதிப்படி வரிசையாக்க வேண்டும். அந்த வரிசையை ஐந்து சம பாகமாக வெட்ட வேண்டும். மிக அண்மையில் வாங்கிய ஐந்தில் ஒரு பங்கினருக்கு 5, கடைசிப் பங்கினருக்கு 1. பிறகு ஒவ்வொரு பாகத்துக்குள்ளும் வாங்கிய எண்ணிக்கைப்படி அதே வெட்டு. அதற்குள் தொகைப்படி இன்னொரு வெட்டு. முடிவில் 125 அறைகள் கிடைக்கும். 555 என்ற அறையில் அண்மையில், அடிக்கடி, அதிகமாக வாங்கியவர்கள் இருப்பார்கள். 111 என்ற அறையில் அதற்கு நேர்மாறானவர்கள்.

இதற்கு அடுத்த படியைத்தான் இன்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஹியூஸின் முறை மதிப்பெண் போட்டதும் முடிந்துவிடுவதில்லை. ஒவ்வொரு அறையிலிருந்தும் சிலரை மட்டும் எடுத்து முதலில் அவர்களுக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும். ஒரு பட்டியலுக்கு ஆகும் செலவு 50 சென்ட், ஓர் ஆர்டரில் நிற்கும் லாபம் 25 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நூறு பேரில் இரண்டு பேர் வாங்கினால் கைக்காசு போகாது. இரண்டுக்கு மேல் பதில் வந்த அறைகளுக்கு முழுமையாக அனுப்பலாம். வராத அறைகளுக்கு நிறுத்திக்கொள்ளலாம். மதிப்பெண் எழுப்பியது ஒரு யூகம், அதற்குத் தீர்ப்பு சொன்னது சோதனை. சோதனை இல்லாத ஆர்.எஃப்.எம் பாதி முறைதான்.

இனி ஓர் உண்மையான கடையின் கணக்கைப் பார்ப்போம். பிரிட்டனில் இணையம் வழியாகப் பரிசுப் பொருள்கள் விற்ற ஒரு நிறுவனம் தன் விற்பனைப் பதிவை ஆய்வுக்குத் திறந்துவிட்டது. 2010 டிசம்பர் 1 முதல் 2011 டிசம்பர் 9 வரை நடந்த விற்பனை, மொத்தம் 5,41,909 வரிகள். டாகிங் சென் என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2012-இல் இதை வைத்தே ஆர்.எஃப்.எம் ஆய்வு வெளியிட்டார்கள். உலகெங்கும் இந்த முறையைக் கற்கும் மாணவர்கள் பலர் இந்தப் பதிவில்தான் கைப்பழக்கம் பெறுகிறார்கள்.

இந்தப் பதிவில் ஒவ்வொரு வரியும் ஒரு பொருள், ஒரு பில் அல்ல. ஒரே பில்லில் நாற்பது பொருள் வாங்கியவருக்கு நாற்பது வரி இருக்கும். வரிகளை எண்ணி எண்ணிக்கை மதிப்பெண் போட்டால், ஒரே நாளில் கூடை நிறைய வாங்கிப் போனவர் நாற்பது முறை வந்தவராகிவிடுவார். எண்ண வேண்டியது வெவ்வேறு பில் எண்களை. அடுத்து, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வரிகளில் வாடிக்கையாளர் எண்ணே இல்லை. அந்த விற்பனை நடந்தது உண்மை, ஆனால் யாருடைய கணக்கிலும் அது சேராது. கடையின் முழு வருமானமும் மதிப்பெண் பட்டியலின் கூட்டுத்தொகையும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று முதலாளி கேட்கும்போது, இதைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது விஷயம் இவற்றைவிடப் பெரியது. இந்தப் பதிவில் ரத்தான பில்களின் எண் C என்ற எழுத்தில் தொடங்கும். அவற்றில் பொருளின் எண்ணிக்கை கழித்தல் குறியுடன் இருக்கும். கழித்தல் எண்கள் கணக்கைக் குழப்புகின்றன என்று நினைத்து, பலரும் முதல் வேலையாக அந்த வரிகளை நீக்கிவிடுகிறார்கள். அதன் விளைவை இரண்டு வாடிக்கையாளர்களிடம் பார்க்கலாம்.

12346 என்ற எண்ணுள்ள வாடிக்கையாளர் 2011 ஜனவரி 18 காலையில் 74,215 பீங்கான் மூடி ஜாடிகளை ஒன்று 1.04 பவுண்டு வீதம் ஆர்டர் செய்தார். தொகை 77,183.60 பவுண்டு. கால் மணி நேரத்தில் அந்த ஆர்டர் முழுவதும் ரத்தானது. 16446 என்ற வாடிக்கையாளர் பதிவின் கடைசி நாளான டிசம்பர் 9 காலை 9.15 மணிக்கு 80,995 காகிதப் பறவைகளை ஒன்று 2.08 பவுண்டு வீதம் ஆர்டர் செய்தார். தொகை 1,68,469.60 பவுண்டு. 9.27 மணிக்கு அதுவும் ரத்தானது. அதற்கு முன் அவர் அந்தக் கடையில் வாங்கியது வெறும் 2.90 பவுண்டுக்கு.

ரத்து வரிகளை நீக்கிவிட்டு மதிப்பெண் போட்டால் என்ன ஆகும்? 16446 அந்தக் கடையின் மிகப் பெரிய வாடிக்கையாளர்கள் வரிசையில் முதல் சில இடங்களுக்குள் வந்துவிடுவார். நேற்றுத்தான் வாங்கியவர் என்பதால் அண்மைக்கும் முழு மதிப்பெண். 12346-க்கு அண்மை 1, எண்ணிக்கை 1, தொகை 5. ஒரு காலத்தில் பெரும்பணம் கொடுத்துவிட்டு விலகிப்போனவர், எப்படியாவது மீட்க வேண்டியவர் என்ற வகையில் அவர் பெயர் ஏறும். சலுகைக் கூப்பனும் போகும். இந்தப் பதிவின் காலத்தில் அவர் அந்தக் கடைக்குக் கொடுத்தது ஒரு பைசாவும் இல்லை.

இத்தகைய பிழையைப் பிடிக்கப் பெரிய வித்தை தேவையில்லை. தொகையில் முதல் இருபது பேரின் பில்களை ஒருவர் உட்கார்ந்து கண்ணால் படித்தால் போதும். மொத்தத் தொகையைப் பில்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தாலும் இவர்கள் தனியே துருத்திக்கொண்டு தெரிவார்கள். ஒரே வாடிக்கையாளர், ஒரே பொருள், ஒரே எண்ணிக்கை, எதிர்க்குறி என்று வரும் பில்களை ஜோடி சேர்த்து இரண்டையும் ஒன்றாக நீக்குவதே முறையான வழி. ஆனால் ஜோடி கிடைக்காத ரத்துகளும் இருக்கும். 2010 நவம்பரில் வாங்கி டிசம்பரில் திருப்பியவரின் வாங்கல் இந்தப் பதிவில் இல்லை, திருப்பியது மட்டும் இருக்கிறது. பதிவு தொடங்கும் தேதிக்கு முன்னால் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது என்பதையும் கணக்கில் எழுதி வைக்க வேண்டும்.

மதிப்பெண்களைக் கூட்டுவது இன்னொரு பழக்கம். மூன்றையும் கூட்டி 15-க்கு இத்தனை என்று ஒரே எண்ணாக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் நேற்று முதன்முறையாகச் சிறு தொகைக்கு வாங்கிய புதியவரும் (5, 1, 1), ஓராண்டுக்கு முன் ஒரே தடவை பெருந்தொகைக்கு வாங்கிவிட்டுப் போனவரும் (1, 1, 5) 7 என்ற ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகிறார்கள். முதலாமவரிடம் சொல்ல வேண்டியது வரவேற்பு. இரண்டாமவரிடம் கேட்க வேண்டியது, ஏன் வரவில்லை என்று. தபால் வணிகர்கள் மூன்று இலக்கங்களையும் தனித்தனியே வைத்திருந்ததற்குக் காரணம் இருந்தது.

இவையெல்லாம் கவனமாக இருந்தால் திருத்திக்கொள்ளக்கூடிய பிழைகள். ஆனால் முறைக்குள்ளேயே பதிந்த ஒரு குறை உண்டு, கவனத்தால் மட்டும் அது தீராது. ஆர்.எஃப்.எம் மௌனத்தை ஒரே அளவுகோலால் அளக்கிறது. ஐந்து மாதம் வராதவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரே அண்மை மதிப்பெண். அந்த ஐந்து மாதம் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் வெவ்வேறு பொருள் தரும் என்பது முறைக்குத் தெரியாது.

இதைத் தெளிவாகக் காட்டியவர்கள் பீட்டர் ஃபேடர், புரூஸ் ஹார்டி, லோக் லீ என்ற மூன்று ஆய்வாளர்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது 1990-களில் இணையத்தில் இசைத்தட்டு விற்ற சிடிநவ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பதிவு. 1997-இன் முதல் மூன்று மாதங்களில் அங்கே முதன்முறையாக வாங்கிய 23,570 பேரை 1998-இன் நடுப்பகுதி வரை பின்தொடர்ந்த பதிவு அது. அவர்களில் பத்தில் ஒரு பங்கினரை, அதாவது 2,357 பேரை, ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். முதல் 39 வாரங்களில் பத்தில் ஏறத்தாழ ஆறு பேர் இரண்டாம் முறை வரவே இல்லை. இப்படிப்பட்ட கடையில் எண்ணிக்கையை ஐந்து சம பாகமாக வெட்டினால், ஒரே ஒரு முறை வாங்கியவர்களில் சிலருக்கு 1, சிலருக்கு 2, சிலருக்கு 3 என்று விழும். அவர்களுக்குள் எந்த வேறுபாடும் இல்லை, பட்டியலில் யார் பெயர் முன்னால் இருந்தது என்பதைத் தவிர.

ஃபேடரும் ஹார்டியும் லீயும் 2005-இல் வெளியிட்ட மாதிரி ஒன்று, ஒரு வாடிக்கையாளர் கடையை விட்டு நிரந்தரமாகப் போய்விட்டாரா, அல்லது இரண்டு வாங்கல்களுக்கு இடையில் இருக்கிறாரா என்பதற்கான வாய்ப்பைக் கணக்கிடுகிறது. அதற்குத் தேவையானவை மூன்றே விவரங்கள்: எத்தனை முறை மறுபடி வாங்கினார், கடைசியாக எப்போது வாங்கினார், முதல் வாங்கலிலிருந்து எவ்வளவு காலமாயிற்று. அவர்கள் சிடிநவ் பதிவிலிருந்து பெற்று வெளியிட்ட நான்கு எண்களை இட்டு, ஒரு எளிய ஒப்பீட்டைச் செய்து பார்க்கலாம்.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவரும் ஒரே நாளில் முதல் இசைத்தட்டை வாங்கினார்கள். இன்றோடு 39 வாரம். இருவரும் கடைசியாக வாங்கியது 20-ஆம் வாரத்தில். முதலாமவர் இடையில் மறுபடி வாங்கியது அந்த ஒரே ஒரு முறைதான். இரண்டாமவர் அந்த 20 வாரங்களில் பத்து முறை மறுபடி வாங்கினார். அண்மை மதிப்பெண் இருவருக்கும் ஒன்றே. எண்ணிக்கையிலும் தொகையிலும் இரண்டாமவர் வெகு உயரத்தில். எந்த ஆர்.எஃப்.எம் பட்டியலும் அவரையே மேலே வைக்கும்.

மாதிரி சொல்லும் விடை வேறு. முதலாமவர் இன்னும் அந்தக் கடையின் வாடிக்கையாளராக இருப்பதற்கு வாய்ப்பு 60 சதவீதம். பத்து முறை வாங்கியவருக்கு வாய்ப்பு 4 சதவீதம்.

காரணம் சிக்கலானதல்ல. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தவர் 19 வாரமாக வரவில்லை என்றால், அவர் வேறு கடைக்குப் போய்விட்டார் என்று கொள்வதே பொருத்தம். 20 வாரத்துக்கு ஒருமுறை வாங்குபவர் 19 வாரம் வராமலிருப்பது அவருடைய இயல்பு. இருவரும் கடைசியாக 38-ஆம் வாரத்தில் வாங்கியிருந்தால் கணக்கு தலைகீழாகும்: பத்து முறை வாங்கியவருக்கு 92 சதவீதம், ஒருமுறை வாங்கியவருக்கு 75 சதவீதம். அதாவது, அடிக்கடி வாங்குவது ஒருவர் வந்துகொண்டிருக்கும்வரை நல்ல அறிகுறி. அவர் நின்றுவிட்டபின் அதே எண்ணிக்கை கெட்ட அறிகுறி. எஃப் மதிப்பெண்ணை எப்போதும் உயர்ந்தால் நல்லது என்று படிப்பவர் இதைக் காண முடியாது.

இந்த மாதிரிக்கும் எல்லை உண்டு. ஒருவர் ஒரு வாங்கலுக்குப் பிறகுதான் விலக முடியும் என்று அது எடுத்துக்கொள்கிறது. அதுவும் முதல் வாங்கலை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே மறுபடி வாங்காத எல்லோரையும் இன்னும் இருப்பவர்கள் என்றே அது கருதும். அந்தப் பத்தில் ஆறு பேருக்கு இது விடை சொல்லாது. அவர்களுக்கு வேறு வழியில்தான் விடை தேட வேண்டும்.

ஆனால் இதன் சாரத்தைப் பிடிக்க ஒரு சிறு கடைக்கு எந்த மாதிரியும் வேண்டாம். ஒவ்வொரு வாடிக்கையாளரும் சராசரியாக எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார் என்று பாருங்கள். கடைசியாக வந்து எத்தனை நாளாயிற்று என்பதை அந்த இடைவெளியால் வகுங்கள். மேலே சொன்ன முதலாமவருக்கு விடை ஏறத்தாழ 1. இரண்டாமவருக்கு 9-க்கு மேல். 1-ஐ ஒட்டி இருப்பவரை அவர் போக்கில் விடலாம். 2-ஐத் தாண்டுபவரிடம் இன்றே பேச வேண்டும், ஏனென்றால் 9 ஆனபிறகு பேசிப் பெரும்பாலும் பயனில்லை. குறைந்தது மூன்று முறையாவது வந்தவருக்குத்தான் இந்தச் சராசரி பொருள்படும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் கடைகளுக்கு இந்தத் திருத்தம் அமெரிக்கர்களைவிடக் கூடுதலாகத் தேவை. நம் ஊரில் துணி வாங்கும் பழக்கத்தைத் தீபாவளியும் கல்யாணமும் தீர்மானிக்கின்றன. ஆண்டுதோறும் தீபாவளிக்கு மட்டும் ஒரு ஜவுளிக்கடைக்குக் குடும்பத்தோடு வருபவரைச் செப்டம்பர் மாதம் ஆர்.எஃப்.எம் கணக்கிட்டால் என்ன கிடைக்கும்? கடைசி வாங்கல் பதினொரு மாதத்துக்கு முன். அண்மை 1. போனவர் என்ற அறையில் அவர் விழுவார், தீபாவளிச் செய்தி அனுப்பும் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீங்கும். இன்னும் நான்கு வாரத்தில் அவர் வரவிருக்கிறார் என்பதை முறை அறியாது. அவருடைய சொந்த இடைவெளியான பன்னிரண்டு மாதத்தால் வகுத்துப் பாருங்கள், விடை 1-க்குக் கீழே நிற்கும். அவர் எங்கும் போகவில்லை.

நம் ஊரில் வாடிக்கையாளர் எண் என்பது கைபேசி எண். பில் போடும்போது கேட்கிறார்கள், நாமும் சொல்லிவிடுகிறோம். ஒரே எண்ணை அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் சொல்வார்கள். கடைக்கு அது ஒரே ஆளாகத் தெரியும். எண் சொல்ல விரும்பாதவர் வரும்போது, கவுன்டரில் இருப்பவர் தன் எண்ணையோ கையில் கிடைத்த ஓர் எண்ணையோ அழுத்திவிடுவதும் உண்டு. அப்போது பட்டியலின் உச்சியில் நிற்கும் 555 வாடிக்கையாளர் கடையின் ஊழியராகவே இருக்கக்கூடும். ஒரே நாளில் பல பில், எல்லாமே ஒரே கவுன்டரில், ஒரே ஷிப்டில் என்று ஓர் எண் இருந்தால் அது வாடிக்கையாளர் அல்ல என்று தெரிந்துகொள்ளலாம். 2023 மே மாதம் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, கைபேசி எண் தந்தால்தான் பில் என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது என்று அறிவுறுத்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது. கேட்டு வாங்கிய எண்ணே நல்ல எண். வற்புறுத்தி வாங்கும் எண்களில் பொய் எண்கள் சேரும், மதிப்பெண்ணும் அவற்றோடு சேர்ந்து கெடும்.

கடைசியாக, தபால் வணிகர்கள் அறிந்து நாம் மறந்த ஒன்று. மதிப்பெண் வாடிக்கையாளரை மட்டும் அளப்பதில்லை. கடை அவரிடம் எப்படி நடந்துகொண்டது என்பதும் அதில் கலந்திருக்கிறது. குறைந்த மதிப்பெண் வாங்கியவருக்குச் செய்தி அனுப்புவதை நிறுத்துகிறோம். செய்தி வராததால் அவர் வாங்குவதில்லை. வாங்காததால் அடுத்த காலாண்டில் அவர் மதிப்பெண் இன்னும் இறங்குகிறது. நாம் எடுத்த முடிவு சரிதான் என்று அறிக்கை சொல்கிறது. உயர்ந்த மதிப்பெண்காரருக்குக் கழிவு கொடுக்கிறோம். எப்படியும் வாங்கவிருந்தவர் கழிவோடு வாங்குகிறார். கழிவு வேலை செய்தது என்று அதே அறிக்கை சொல்கிறது.

இந்த வட்டத்தை உடைக்க ஒரே வழி, ஒவ்வொரு அறையிலும் சீட்டுப் போட்டுச் சிலரை ஒதுக்கிவைப்பது. 555-இல் ஆயிரம் பேர் இருந்தால் நூறு பேருக்குக் கழிவுச் செய்தி அனுப்பாதீர்கள். அனுப்பியவர்களில் நூற்றுக்கு 12 பேர் வாங்கி, அனுப்பாதவர்களில் நூற்றுக்கு 11 பேர் வாங்கினார்கள் என்றால், அந்தக் கழிவு ஈட்டித் தந்தது நூற்றுக்கு ஒருவரைத்தான். மற்ற 11 பேருக்குக் கொடுத்த கழிவு லாபத்திலிருந்து போனது. அதேபோல் 111-இலும் நூறு பேருக்கு அனுப்பிப் பாருங்கள். அங்கே வரும் பதில்தான் அந்த அறையை மூடலாமா என்று சொல்லும். கையில் இவ்வளவு கணினி இருந்தும் நாம் இதைச் செய்யாமலிருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

இந்த முறை எழுந்தபோது ஒரு பட்டியலை அனுப்பக் காசு ஆனது. ஆகவே யாரை விடுவது என்ற கேள்விக்கு அது விடை தேடியது. இன்று ஒரு செய்தி அனுப்புவதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. நம் கடைகளின் இன்றைய கேள்வி, அடிக்கடி வந்தவர்களில் யார் சத்தமில்லாமல் நின்றுவிட்டார் என்பது. பழைய கேள்விக்காகச் செய்த கருவி இந்தக் கேள்விக்குப் பாதி விடையே தரும்.

கடை நடத்துபவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். ஆர்.எஃப்.எம் போடுங்கள், அதைவிட எளிய தொடக்கம் இல்லை. ஆனால் ரத்தான பில்களை அவற்றின் ஜோடியோடு சேர்த்துக் கழித்துவிட்டுப் போடுங்கள், மூன்று இலக்கங்களையும் கூட்டாமல் தனித்தனியே படியுங்கள், எந்த அறையையும் சோதிக்காமல் மூடாதீர்கள். ஒவ்வொரு மாதமும், தன் வழக்கமான இடைவெளியைப்போல் இருமடங்கு காலம் வராமலிருப்பவர்களின் பட்டியலை எடுத்து, முதல் பத்துப் பேரை நீங்களே தொலைபேசியில் அழைத்து, ஏன் வரவில்லை என்று கேளுங்கள். அதற்கான விடை எந்த மதிப்பெண்ணிலும் இல்லை, அவர்களிடம்தான் இருக்கிறது.